மே வரை இருக்க முடியாத ஆசிரியர்: ஒரு ராஜினாமா கடிதத்தின் கணக்கு

நீட் பயிற்சி மையங்களில் உயிரியல் நடத்துகிறவர்களில் ஒரு பகுதியினர் எம்.பி.பி.எஸ். முடித்த இளம் மருத்துவர்கள். ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்ததும் முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஓராண்டோ இரண்டாண்டோ தேவைப்படுகிறது. அந்தக் காலத்தில் கையில் கொஞ்சம் வருமானம் வேண்டும். படித்தது மறக்காமலும் இருக்க வேண்டும். காலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இதயத்தின் அறைகளைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, இரவில் தன் தேர்வுக்காக இதய நோய்களைப் படிப்பது அவர்களுக்கு ஒத்துவருகிறது. மையத்துக்கும் பயன்தான். ‘டாக்டரே பாடம் எடுக்கிறார்’ என்பதைக் கேட்டுத்தான் பல பெற்றோர் பணம் கட்டுகிறார்கள்.

இந்த ஏற்பாடு என்றாவது ஒருநாள் முடியும் என்று இரு தரப்புக்கும் தெரியும். எந்த நாளில் முடியும் என்பதுதான் தெரியாது. ராஜினாமா கடிதத்தில் இருக்கும் சிக்கல் எல்லாம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இளநிலை நீட் தேர்வு மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி நடக்கிறது. 2024இல் மே 5, 2025இல் மே 4. பயிற்சி மையத்தின் ஆண்டு அதற்கேற்ப ஜூன், ஜூலையில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை ஓடும். முதுநிலைத் தேர்வின் நாள்காட்டி வேறு. 2024இல் ஜூன் 23 அன்று நடக்க இருந்த தேர்வு முந்தைய நாள் இரவில் தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்ட் 11இல் நடந்தது. 2025இல் ஜூன் 15 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரே வேளையில் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆகஸ்ட் 3க்கு மாறியது. இரண்டு ஆண்டுகளிலும் அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்று முடிவு நவம்பரில்தான் வந்தது. அடுத்தடுத்த சுற்றுகள் டிசம்பர், ஜனவரி என்று நீண்டன. பயிற்சி மையத்தில் பாடத்தின் பெரும்பகுதி ஓடி முடியாமலும், திருப்புதல் இன்னும் தொடங்காமலும் இருக்கும் மாதங்கள் இவை. ஆசிரியர் போகக் கூடாத நேரத்தில்தான் போக வேண்டிய நாள் வருகிறது.

கலந்தாய்வு நடக்கும் விதம் இதை இன்னும் கடினமாக்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதியை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. மீதி, மாநிலத்தின் தேர்வுக் குழு வழியாக நிரம்புகிறது. இரண்டும் சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்றின் முடிவு வந்தால், ஒதுக்கப்பட்ட கல்லூரிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான் கிடைக்கும். முதல் சுற்றில் சேராமல் விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் வைப்புத்தொகை போய்விடும். அதன்பிறகு விதிகள் இன்னும் இறுகும். ஆகவே ‘மாணவர்களுக்குத் தேர்வு முடியட்டும், பிறகு சேருகிறேன்’ என்று கல்லூரியிடம் கேட்க வழியே கிடையாது. ஆனால் பயிற்சி மையத்தின் ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கும். ஒரு வாரத்துக்குள் ஒரு மாதத்தை அடக்க முடியாது.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்சியில் ஒரு மையத்தில் விலங்கியல் நடத்தும் மருத்துவர் அவர். மாதம் 60,000 ரூபாய் சம்பளம். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது விடுபட்ட நாட்களுக்கான சம்பளத்தைத் திருப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். கூடவே, கல்வியாண்டின் நடுவில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று இன்னொரு வரி. இரண்டாம் சுற்றில் அவருக்குக் குழந்தைகள் நல மருத்துவம் கிடைக்கிறது. முடிவு வந்த நாள் டிசம்பர் 3. சேரக் கடைசி நாள் டிசம்பர் 11. டிசம்பர் 4இல் கடிதம் கொடுத்து 9ஆம் தேதி வரை வகுப்பு எடுத்தால் ஆறு நாட்கள் ஆகின்றன. மீதி 24 நாட்களுக்குக் கணக்குப் போட்டால் 48,000 ரூபாய் அவர் தர வேண்டியதாகிறது. இரண்டு லட்சம் தனி.

இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் கடிதத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் கடிதம் ராஜினாமா அல்ல, தகவல். மதிப்பெண் வந்து, கலந்தாய்வுக்குப் பதிவு செய்த அன்றே அதை எழுதலாம். ‘நான் முதுநிலைக் கலந்தாய்வில் பங்கேற்கிறேன். இடம் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் சேர வேண்டியிருக்கும். அதற்குள் இன்னின்ன பாடங்களை முடித்துவிடுகிறேன். எனக்குப் பதிலாக வருபவருடன் சேர்ந்து வகுப்பு எடுக்கவும் தயார். இந்தத் தேதியை முன்னறிவிப்பின் தொடக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.’ இவ்வளவுதான். மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்கிறோம் என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டால் டிசம்பரில் அந்த 48,000 ரூபாய்க் கேள்வியே எழாது. நம் மருத்துவர் இதை அக்டோபரிலேயே செய்கிறார். மையத்துக்குப் புது ஆசிரியரைத் தேட ஏழெட்டு வாரம் கிடைக்கிறது.

பலர் இதைச் செய்யத் தயங்குவதற்கான காரணம் புரிகிறது. இடம் கிடைக்காமலே போகலாம். முன்கூட்டிச் சொன்னால், ‘இவர் எப்படியும் போகிறவர்தானே’ என்று நல்ல பேட்ச்சை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் முதல் கடிதத்தில் ‘விலகுகிறேன்’ என்ற சொல் வரக் கூடாது. ‘இடம் கிடைத்தால்’ என்ற நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும். தரவரிசை தள்ளி இருப்பவர்கள் கடைசிச் சுற்று வரைக்கும் தெரியாமல் காத்திருக்க நேரிடும். அவர்கள் இதைக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் கடைசிச் சுற்றுகளில் சேரக் கிடைக்கும் நாட்களும் குறைவு, மாணவர்களின் தேர்வும் நெருங்கியிருக்கும்.

ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு லட்சத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தனிநபரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்ற ஆணை பெற்றுக் கட்டாயமாக நிறைவேற்றவைக்க முடியாது. அதாவது ‘மே வரை வந்து பாடம் எடு’ என்று யாரும் உத்தரவிட முடியாது. பணத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் நியாயமான ஈட்டுத் தொகை எதுவோ அதைத்தான் கேட்க முடியும். ஆனால் இத்தகைய வரி எல்லாமே செல்லாது என்று நம்பிக்கொண்டு கையெழுத்திடுவது தவறு. குறிப்பிட்ட காலத்துக்கு முன்பு விலகிய ஓர் அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் செலவும் ஒரு பயிற்சி மையம் செய்யும் செலவும் ஒன்றல்ல என்று வாதிடலாம். வாதிட வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வேலையில் சேரும்போதே அந்த வரியை ‘முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் பொருந்தாது’ என்று திருத்தி வாங்குவதுதான் எளிது. மருத்துவரை வேலைக்கு எடுக்கும் எந்த மையத்துக்கும் இது எதிர்பாராத கோரிக்கையாக இருக்காது.

பணத்தைவிட ஆபத்தானது அசல் சான்றிதழ். வேலைக்குச் சேரும்போது எம்.பி.பி.எஸ். பட்டத்தையோ மதிப்பெண் பட்டியலையோ ‘சும்மா ஃபைலில் இருக்கட்டும்’ என்று வாங்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கல்லூரியில் சேரும் நாளில் பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சிக்காலச் சான்று, மருத்துவக் கவுன்சில் பதிவு, பத்தாம் வகுப்புச் சான்று எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடமே போகலாம். கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய பொருளல்ல, அதைக் கடனுக்கு ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சேர ஒரு வாரமே இருக்கும்போது வழக்குப் போட்டு வாங்க நேரமிருக்காது. கொடுத்திருந்தால், கலந்தாய்வுச் சரிபார்ப்புக்குத் தேவை என்று சொல்லி முதல் கடிதத்தோடேயே திரும்பப் பெற்றுவிட வேண்டும்.

இனி ராஜினாமா கடிதம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும் உள்ளடக்கம் ஒன்றுதான். நம் மருத்துவர் டிசம்பர் 4 அன்று எழுதுவது இப்படி இருக்கலாம்:

*மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,*

*வணக்கம். முதுநிலை மருத்துவப் படிப்பில் எனக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. டிசம்பர் 11ஆம் தேதிக்குள் நான் சேர வேண்டும். ஆகவே விலங்கியல் ஆசிரியர் பணியிலிருந்து விலகுகிறேன். டிசம்பர் 9ஆம் தேதி மாலை வகுப்பு என் கடைசி வகுப்பு.*

*கலந்தாய்வில் பங்கேற்பது குறித்து அக்டோபர் 6ஆம் தேதி தங்களுக்குத் தெரிவித்திருந்தேன். அந்தத் தேதியை முன்னறிவிப்பின் தொடக்கமாக ஏற்று அக்டோபர் 8ஆம் தேதி தாங்கள் அனுப்பிய பதிலை இத்துடன் இணைத்துள்ளேன்.*

*என் இரண்டு பேட்ச்களிலும் இதுவரை நடத்திய பாடங்கள், மீதமுள்ளவை, தேர்வு வினாத்தாள்கள், மாணவர் வாரியான குறிப்புகள் ஆகியவற்றைத் தனி அறிக்கையாக இணைத்திருக்கிறேன். டிசம்பர் 6, 7 தேதிகளில் புதிய ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களிடம் 5ஆம் தேதி வகுப்பில் நானே தெரிவிக்க அனுமதி வேண்டுகிறேன்.*

*டிசம்பர் 9 வரையிலான சம்பளம், பணி அனுபவச் சான்று, வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றை வழங்க வேண்டுகிறேன். மையத்தின் மடிக்கணினியையும் நூலகப் புத்தகங்களையும் 9ஆம் தேதி ஒப்படைக்கிறேன். என் வகுப்புப் பதிவுகளை இப்போது படிக்கும் மாணவர்கள் வரும் மே மாதத் தேர்வு வரை பயன்படுத்தலாம். அதன்பிறகு பயன்படுத்துவது பற்றித் தனியே பேசி எழுதிக்கொள்வோம்.*

*எனக்கு முதன்முதலில் ஒரு வகுப்பை நம்பிக் கொடுத்தவர் தாங்கள். நன்றி.*

இதில் கல்லூரியின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்கலாம். இரண்டாம் சுற்றில் சேர்ந்தவர் மூன்றாம் சுற்றில் வேறு இடத்துக்கு மேம்பாடு கேட்கலாம். மாநில ஒதுக்கீட்டிலும் ஏதாவது கிடைக்கலாம். எந்தக் கல்லூரி என்பது மாறும். போவது மாறாது. கடிதத்துக்கு மாறாததுதான் வேண்டும். அதேபோல, மையத்தின் குறைகளும் இதில் இல்லை. பல மாதச் சம்பளம் பாக்கி என்றால் தொகையையும் மாதத்தையும் மட்டும் ஒரே வரியில் எழுதினால் போதும். அது பின்னால் சான்றாக நிற்கும்.

இன்னொன்றும் இதில் இல்லை. இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் வலியப் போய் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அது. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் வந்து எடுக்கிறேன்.’ ‘மே மாசம் வரைக்கும் எப்படியாவது இருங்க டாக்டர்’ என்று இயக்குநர் கேட்கும்போது, மறுக்க மனமில்லாமல் வாயில் வந்துவிடுகிறது. முதுநிலை மாணவர் வெறும் மாணவர் அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அவர் முழுநேர உறைவிட மருத்துவர். வார்டிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்ப்பதுதான் அவர் படிப்பு. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்று எழுதியிருக்கிறது. வாராந்தர விடுமுறை பணியின் தேவையைப் பொறுத்தது. முதல் ஆண்டு மாணவருக்கு, அதிலும் குழந்தைகள் நலப் பிரிவில், எந்த ஞாயிறு தனக்குரியது என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. இரவுப் பணி முடிந்து காலை ரவுண்ட்ஸ், அதன்பின் வார்டு வேலை என்று நீளும் நாளில், பத்து மணிக்கு நூறு பிள்ளைகள் திரையின் முன் காத்திருப்பார்கள். இரண்டு வாரம் நடக்கும், மூன்றாவது வாரம் ரத்தாகும், பிறகு நின்றே போகும். புது ஆசிரியரை மாணவர்கள் ஏற்றுக்கொள்வதும் அதற்குள் தள்ளிப்போயிருக்கும். முழுநேரப் பணியில் இருந்துகொண்டு வெளியில் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பது கல்லூரியிலும் கேள்வியாகலாம். தெளிவாகப் போய்விடுவதே பிள்ளைகளுக்கு நல்லது.

அப்படியானால் அவர்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போக முடியும்? கடிதத்தோடு இணைத்த அந்த அறிக்கையைத்தான். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. அதில் விலங்கியல் பகுதியை நடுவில் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு ‘மனித உடலியல் முடிந்தது’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எந்த அளவுக்கு முடிந்தது என்பதுதான் வேண்டும். சுவாசமும் இரத்த ஓட்டமும் நடத்தித் தேர்வும் வைத்தாயிற்று. கழிவு நீக்கத்தில் நெஃப்ரானின் அமைப்பு வரை வந்தோம், சிறுநீர் செறிவாகும் விதம் இன்னும் நடத்தவில்லை. நரம்பு மண்டலம் காலை பேட்ச்சுக்கு முடிந்தது, மாலை பேட்ச்சுக்கு இல்லை. இப்படி இருந்தால்தான் அடுத்தவர் வகுப்புக்குள் நுழைந்து முதல் நாளே பாடம் எடுக்க முடியும்.

பாடத்திட்டம் மாறிய இடங்களையும் எழுதிவைக்க வேண்டும். 2024 தேர்விலிருந்து செரிமானமும் உட்கிரகித்தலும் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் மையத்தின் பழைய பாடக் கையேடுகளிலும் வினா வங்கியிலும் அந்தக் கேள்விகள் அப்படியே கிடக்கும். தெரியாமல் அதை நடத்தினால் சில நாட்கள் வீண். மாதிரித் தேர்வுகளில் விடைக்குறிப்பு தவறாக இருந்து வகுப்பில் திருத்திய கேள்விகளும் அப்படித்தான். அந்தத் திருத்தம் ஆசிரியரின் தலைக்குள் மட்டும் இருந்தால் அவரோடேயே போய்விடும்.

என் பார்வையில் இந்த அறிக்கையின் உயிர் மாணவர் வாரியான குறிப்புகளில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் மையத்திடம் ஏற்கெனவே உண்டு. மதிப்பெண் சொல்லாததை ஆசிரியர் சொல்ல வேண்டும். இந்த மாணவி தமிழ்வழியில் படித்து வந்தவர். ஆங்கிலப் பாடநூலின் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார், விஷயம் தெரியாமல் அல்ல. இந்த மாணவர் தெரியாத கேள்விகளை விடாமல் ஊகித்து எதிர்மறை மதிப்பெண்ணில் இழக்கிறார். இவர் இரண்டாவது முறை எழுதுகிறார், போன முறை சில மதிப்பெண்களில் தவறவிட்டவர், மாதிரித் தேர்வில் குறைந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். இப்படி ஒரு மாணவருக்கு இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் குடும்ப விவரமோ உடல்நல விவரமோ அதில் வரக் கூடாது. அவர்கள் நம்பிச் சொன்னது அடுத்தவர் கைக்கு ஆவணமாகப் போகக் கூடாது.

மாணவர்களிடம் தானே சொல்ல அனுமதி கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடையே செய்தி இயக்குநரின் அறிவிப்புக்கு முன்பே பரவும். அது ‘மேம் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்’ என்று பரவும். அவரே நின்று, எங்கே போகிறார், ஏன் தேதியைத் தள்ளிப்போட முடியாது, அடுத்து யார் வருகிறார் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குப் புரியும். அவர்களும் ஒரு நாள் இதே கலந்தாய்வுக்காகக் காத்திருக்கப் போகிறவர்கள்தானே.

கடைசியாக, பதிவு செய்த வகுப்புகள். போனவர் போய்விட்டாலும் அவர் காணொளி மையத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் படமும் விளம்பரப் பலகையில் இருக்கும். மாதச் சம்பள ஊழியராக இருந்து தயாரித்த குறிப்புகளின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக மையத்துக்குத்தான். வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊழியராக இல்லாமல் நடத்தியவருக்கு நிலைமை வேறு. எழுதிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். இதற்கும் அப்பால், விரிவுரை ஆற்றுபவரையும் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் ஒப்பந்தத்தில் காணொளி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் கடிதத்திலேயே கால வரம்பு குறிப்பிடுவது நல்லது. நம் மருத்துவர் மே வரை என்று எழுதியது பிள்ளைகளுக்காக; அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டுப் பெற்றோர் அவர் இன்னும் அங்கே இருப்பதாக நினைத்துப் பணம் கட்டுவார்கள். பயிற்சி மையங்களுக்காக மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆசிரியர்களின் தகுதி விவரங்களை இணையதளத்தில் அவ்வப்போது புதுப்பித்து வைக்கச் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு எதிராகத் தனி நெறிமுறை வெளியிட்டது. விலகிய ஆசிரியரின் படம் ஜூன் மாதச் சேர்க்கை விளம்பரத்தில் வந்தால், இந்த இரண்டையும் சுட்டி நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கடிதத்தை நேரில் கொடுத்தாலும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். கல்லூரியில் பயிற்சி மையத்தின் விடுவிப்புக் கடிதத்தை யாரும் கேட்கப்போவதில்லை. இதனாலேயே சிலர் ஒன்றும் எழுதாமல் ஒரு நாள் வராமல் நின்றுவிடுகிறார்கள். ஆனால் வரிப் பிடித்தச் சான்றும் கடைசி மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியும் மையம் செய்து தர வேண்டியவை. வார்டிலிருந்து கொண்டு இவற்றுக்காகத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அலைய முடியாது. டிசம்பர் 9 மாலை வகுப்புக்கு முன்பே கணக்கரிடம் உட்கார்ந்து இந்த மூன்றையும் எழுதி வாங்கிவிடலாம்.